4×3 மேட்ரிக்ஸ்ல ஜிக்ஜாக் ஓட்டம் மூலையில ஏன் உடையுது

கேள்வி: டயகனல் டிராவர்சல் கோடு எழுதுனேன். 3×4-க்கு கரெக்டா வருது, 4×3 குடுத்தா index out of range. m, n மாறிப்போச்சான்னு பாத்தேன், மாறல. ஓரத்துல டைரக்‌ஷன் திரும்புற இடத்துல என்னத்த விட்டேன்?

உங்க கோடைப் பாக்காமலே சொல்றேன், மேல ஏறிட்டிருக்கும்போது `r == 0` வந்துச்சான்னு முதல்ல கேக்குறீங்க, `c == n - 1` அதுக்கு அப்புறம் `elif`ல இருக்கு. அந்த ரெண்டையும் இடம் மாத்துங்க. அதே மாதிரி கீழ இறங்கும்போது `c == 0`க்கு முன்னாடி `r == m - 1` கேக்கணும். இன்டர்வியூக்கு ரெடியாகுற ஆளா இருப்பீங்கன்னு நினைக்கிறேன், அவசரம்னா இதோட போயிடலாம். ஆனா 3×4 ஏன் ஓடுச்சுன்னு புரிஞ்சுக்காம போனீங்கன்னா அடுத்த தடவையும் அதே 3×4-ஐயே டெஸ்ட் பண்ணிட்டு நிம்மதியா இருப்பீங்க. இதுக்காக நான் ஒரு கிளாஸ்ல நின்னு சண்டை போட்டிருக்கேன், அதனால நீளமாத்தான் எழுதுவேன்.

முதல்ல ஒரு விஷயம். ஒரே டயகனல்ல இருக்கிற எல்லா கட்டத்துக்கும் `r + c` ஒண்ணுதான். மேல-வலது பக்கம் போனா r ஒண்ணு குறையுது, c ஒண்ணு கூடுது, கூட்டுத்தொகை அப்படியே இருக்கு. ஓரத்துக்கு வந்ததும் என்ன பண்றோம்? ஒண்ணு வலது பக்கம் ஒரு கட்டம், இல்லன்னா கீழ ஒரு கட்டம். எதைப் பண்ணாலும் `r + c` ஒண்ணு கூடும், அதாவது அடுத்த டயகனலுக்கு வந்துட்டோம். அதனால `r + c` இரட்டைப்படைன்னா ஏறணும், ஒத்தைப்படைன்னா இறங்கணும். `up = not up`னு தனியா ஒரு ஃபிளாக் வச்சு அதை நாலு இடத்துல திருப்பிட்டு இருக்க அவசியமே இல்ல.

சரி, மூலைக்கு வருவோம். ஏறிப் போற டயகனல் மேல் ஓரத்துல முடிஞ்சா வலது பக்கம் நகரணும், வலது ஓரத்துல முடிஞ்சா கீழ நகரணும். மேல்-வலது மூலையில ரெண்டு கண்டிஷனும் ஒண்ணா உண்மை, ஆனா வலது பக்கம் இடமே கிடையாது. அங்க `r == 0` முதல்ல நின்னா வெளிய தள்ளிவிட்டுடும். இப்ப அந்த மூலைக்கு நாம ஏறிட்டே வர்றோமா இல்லையாங்கிறதுதான் கேள்வி. அந்த மூலையோட `r + c` எவ்வளவு? n - 1. அது இரட்டைப்படையா இருந்தாத்தான் ஏறி வருவோம், அப்படின்னா n ஒத்தைப்படையா இருக்கணும். 3×4-ல n நாலு, (0,3) மூலை இறங்குற டயகனலோட ஆரம்பக் கட்டம், அதனால அந்தத் தப்பான கேள்வி அங்க கேக்கப்படவே இல்ல. கீழ்-இடது மூலைக்கு இதே கணக்கு, அதோட கூட்டுத்தொகை m - 1, இறங்கிட்டே அங்க வரணும்னா m இரட்டைப்படையா இருக்கணும். 3×4-ல m மூணு, அதுவும் தப்பிச்சிருச்சு. ஆக ரெண்டு செக்கும் தலைகீழா இருந்தாலும் 3×4 சரியான விடைதான் குடுக்கும். 4×3-ல m இரட்டை, n ஒத்தை, ரெண்டு மூலையும் மாட்டும்.

இப்ப என் கதை. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கோச்சிங் சென்டர்ல சேந்திருந்தேன், பேரு வேணாம். அங்க குடுத்த நோட்ஸ்ல இந்த கோடு இருந்துச்சு, `r == 0`தான் முதல்ல. உதாரணத்துக்குப் போட்டிருந்தது 3×4. நான் வீட்ல பேப்பர்ல கட்டம் போட்டு ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்குற ஆளு, (0,2)ல இருந்து (0,3)க்குப் போகுதேன்னு 3×3-லயே தெரிஞ்சுபோச்சு. மறுநாள் எழுந்து, "சார், 3×3 குடுத்தா உடையுது"ன்னு சொன்னேன். "ஓடுற கோடை எதுக்கும்மா நோண்டுற, கேக்குறதுக்கு மட்டும் பதில் எழுது"ன்னாரு. நான் விடல, போர்டுல போட்டுக் காட்டுனேன். அவரு உடனே `r == 0 and c == n - 1`னு ஸ்பெஷலா ஒரு வரியை மேல சேத்தாரு. 3×3 ஓடுச்சு. "போதுமா?"ன்னாரு. போதாது சார், 4×3 போடுங்கன்னேன். அது கீழ்-இடது மூலையில உடைஞ்சுது.

நான் இன்னிக்கும் அழுத்திச் சொல்றது இதைத்தான். சதுர மேட்ரிக்ஸ் ஒண்ணு குடுத்தா ஒரு மூலைதான் டெஸ்ட் ஆகும், ரெண்டும் ஆகவே ஆகாது. 3×3, 5×5 எல்லாம் மேல்-வலதை மட்டும் பிடிக்கும், 4×4, 6×6 எல்லாம் கீழ்-இடதை மட்டும் பிடிக்கும், ஏன்னா m-ம் n-ம் ஒரே நம்பர், ஒரே நேரத்துல ஒண்ணு இரட்டையாவும் இன்னொண்ணு ஒத்தையாவும் இருக்க முடியாது. ரெண்டையும் ஒரே தடவையில பிடிக்கணும்னா ரோ எண்ணிக்கை இரட்டை, column எண்ணிக்கை ஒத்தைன்னு குடுக்கணும், கைல ஓட்டிப் பாக்க 4×3 வசதியா இருக்கும்.

```
 1  2  3
 4  5  6
 7  8  9
10 11 12
```

இதுக்கு வரவேண்டியது 1, 2, 4, 7, 5, 3, 6, 8, 10, 11, 9, 12. 3-க்கு அப்புறம் 6 வருதா, 10-க்கு அப்புறம் 11 வருதான்னு பாருங்க, அந்த ரெண்டு இடம்தான் ரெண்டு மூலை.

பைத்தான்ல எழுதுனதால உங்களுக்கு எரராவது வந்துச்சு. என் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு C-ல எழுதியிருந்தா, அவளுக்கு எரரே வரல, அது இன்னும் மோசம். C-ல 2D அர்ரே ரோ ரோவா வரிசையா மெமரில இருக்கும், அதனால `a[0][3]`னு கேட்டா பெரும்பாலும் அடுத்த ரோவோட முதல் நம்பரை, அதாவது 4-ஐ எடுத்துக் குடுத்துடும் (குடுத்தே ஆகணும்னு ரூல் இல்ல, அது மொழி அனுமதிக்காத வேலை). அவ அவுட்புட் 1, 2, 4, 7, 5, 3, 4, 6, 8, 10, அப்புறம் ஏதோ ஒரு குப்பை நம்பர், அப்புறம் 11. பன்னெண்டு நம்பர் ஆயிடுச்சுன்னு லூப் நின்னுருச்சு, 9-ம் 12-ம் வரவே இல்ல. எண்ணிக்கை சரியா இருக்கே, கிராஷ் ஆகலையேன்னு விட்டா அவ்ளோதான். 4 ரெண்டு தடவை வந்திருக்கிறதைப் பாத்துதான் கண்டுபிடிச்சோம்.

ஸ்பெஷல் வரி ரெண்டு சேத்தா தப்பான்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, தப்புன்னு நான் சொல்லல, ஓடும். ஆனா வரிசையை மாத்துனாலே அந்த ரெண்டு வரியும் தேவையில்லங்கும்போது எதுக்குச் சேக்கணும்? நான் எழுதுறது இதான்:

```python
def zigzag(a):
    m, n = len(a), len(a[0])
    r = c = 0
    out = []
    for _ in range(m * n):
        out.append(a[r][c])
        if (r + c) % 2 == 0:
            if c == n - 1: r += 1
            elif r == 0: c += 1
            else: r -= 1; c += 1
        else:
            if r == m - 1: c += 1
            elif c == 0: r += 1
            else: r += 1; c -= 1
    return out
```

காலி மேட்ரிக்ஸ் வந்தா `a[0]` உடையும், அதை முன்னாடியே பாத்துக்கோங்க. கடைசிக் கட்டத்துக்கு அப்புறம் r, c வெளிய போகும்தான், ஆனா அதுக்குள்ள லூப் முடிஞ்சிரும், அதனால யாரும் அங்க போய் படிக்கப் போறதில்ல.

ஓரம், மூலை எதையுமே யோசிக்க வேணாம்னா இன்னொரு வழி இருக்கு. ஒவ்வொரு டயகனலா எடுத்து, அதுல எந்த ரோல இருந்து எந்த ரோ வரைக்கும் மேட்ரிக்ஸுக்குள்ள இருக்குன்னு முன்னாடியே கணக்குப் போட்டுடுறது:

```python
for d in range(m + n - 1):
    lo = max(0, d - n + 1)
    hi = min(d, m - 1)
```

r `lo`ல இருந்து `hi` வரைக்கும் போகும், c எப்பவும் `d - r`. d இரட்டைப்படைன்னா அந்தத் துண்டைத் திருப்பிப் போடணும். மேல சொன்ன 4×3-ல d = 3 எடுத்துக்கோங்க, `lo` 1, `hi` 3, அதாவது 6, 8, 10. அந்த இல்லாத (0,3) கட்டம் இருக்கே, அதுவும் இதே டயகனல்லதான் விழுது, `lo` அதை வெட்டிருச்சு. d = 4-ல (4,0)வை `hi` வெட்டும். இதுல ஒரே ஆபத்து `lo`ல n-க்குப் பதிலா m போட்டுடுறது, சதுரத்துல அது தெரியவே தெரியாது. சில பேரு `lo`, `hi` எதுவும் போடாம 0-ல இருந்து d வரைக்கும் ஓட்டி உள்ள இருக்கான்னு `if` போட்டு வடிகட்டுவாங்க. சின்ன சைஸுக்குப் பரவால்ல, ஆனா 3×1000 வந்தா இருக்கிறது 3000 கட்டம், லூப் சுத்துறது 5,02,503 தடவை.

JPEG-ல இந்த ஓட்டம்தானே இருக்கு, அங்க எப்படிப் பண்றாங்கன்னு அடுத்து கேப்பீங்க. அது எப்பவும் 8×8, அதனால 64 இடத்தையும் ஒரு டேபிளா எழுதி வச்சுட்டு அதைப் பாத்து எடுத்துக்குவாங்க, ஓரத்துல கண்டிஷன் போடுற வேலையே பொதுவா இருக்காது. மேல்-இடது பக்கம் முக்கியமான நம்பரும் கீழ்-வலது பக்கம் நிறைய பூஜ்ஜியமும் இருக்கும், இப்படி வளைஞ்சு போனா பூஜ்ஜியமெல்லாம் கடைசில ஒண்ணா சேரும், சுருக்கறது சுலபம். சைஸ் மாறவே மாறாதுன்னா டேபிள்தான் பெஸ்ட், உங்களுக்கு m, n மாறுது, அதனால உங்களுக்கு அது உதவாது.

ஒண்ணு சொல்லாம இருக்க முடியல, கேள்விக்குச் சம்பந்தமில்லன்னாலும். அந்த கோச்சிங் சென்டர் நோட்ஸ்ல கோடு எல்லாமே போட்டோவா இருக்கும், அதுவும் ஃபோன்ல எடுத்தது, பாதி வரி நிழல்ல. காப்பி பண்ண முடியாது, பாத்துப் பாத்து டைப் அடிக்கணும், அடிக்கும்போது `n`ஐ `m`னு படிச்சா அது படிச்சவங்க தப்பாம். ஃபீஸ் முழுசா முன்னாடியே வாங்கிட்டு ஒரு `.py` ஃபைல் அனுப்பறதுக்கு என்ன கஷ்டம்? எத்தனை பேரு வீட்ல கடன் வாங்கி அங்க அனுப்புறாங்கன்னு தெரிஞ்சும் இப்படிப் பண்றாங்களேன்னு எனக்கு இன்னும் கோவம் அடங்கல.

வரிசையை மாத்துன பிறகும் 4×3 உடைஞ்சா கமெண்ட்ல கோடைப் போடுங்க, டெக்ஸ்டா போடுங்க, போட்டோ வேணாம். கூடவே கடைசியா சரியா வந்த நம்பர் எதுன்னும் சொல்லுங்க, 3-ல நின்னுச்சா 10-ல நின்னுச்சாங்கிறதை வச்சே எந்த `if`னு சொல்லிடலாம்.