வட்டி மாறவில்லை, தவணை மட்டும் ஏன் கூடியது?

கேள்வி: அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்க ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் 30 லட்சம் கடன் கேட்டோம். முதலில் தந்த முக்கிய விவரத் தாளில் (கேஎஃப்எஸ்) 20 வருடம், 9% ஃப்ளோட்டிங் வட்டி, மாதத் தவணை 26,992 ரூபாய் என்று இருந்தது. இப்போது கையெழுத்துக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தில் வட்டியும் வருடமும் அதேதான், தவணை மட்டும் 27,802. "சின்ன வித்தியாசம்தான் மேடம்" என்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்? — வாசகி, அம்பத்தூர்

பதில்: வட்டியும் காலமும் மாறாமல் தவணை மட்டும் கூடினால், கூடியிருப்பது கடன் தொகைதான். 9 சதவீதத்தில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கான மாதத் தவணை ஏறக்குறைய 900 ரூபாய். 27,802-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள், 30.9 லட்சம் வரும். ஆக, உங்கள் பெயரில் சுமார் 90,000 ரூபாய் அதிகமாக ஏறியிருக்கிறது. பெரும்பாலும் இது கடனோடு சேர்த்துவிடும் இன்சூரன்ஸ் பிரீமியமாக இருக்கும். மாதம் 810 ரூபாய் என்றால் சின்னதாகத்தான் தெரியும். 20 வருடத்தில் அது 1,94,000 ரூபாயைத் தாண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு சுருக்கப் பெட்டி இருக்கும். கேஎஃப்எஸ் விவரத்தையே அங்கே போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது ஒத்துப்போகிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பின்னால் வரும் ஷெட்யூல் பக்கத்தையும், தவணை அட்டவணையின் முதல் வரியையும் கேஎஃப்எஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாதத்தின் தொடக்க நிலுவை 30,00,000 என்று இருக்கிறதா, 30,90,000 என்று இருக்கிறதா? அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஏபிஆர் என்ற ஆண்டுச் சதவீதம். கட்டணங்களையும் சேர்த்துக் கடனின் உண்மையான செலவைச் சொல்லும் எண் இதுதான். புராசஸிங் கட்டணம் 15,000 என்று வைத்துக்கொண்டால், 30 லட்சத்துக்கு ஏபிஆர் சுமார் 9.07% வரும். பிரீமியமும் ஏறினால் சுமார் 9.5% ஆகிவிடும். வெளி நிறுவனங்களுக்குப் போகும் இன்சூரன்ஸ், சட்டக் கட்டணங்களையும் கடன் தருபவர் வசூலித்தால் அவற்றையும் ஏபிஆரில் சேர்த்து, தனியாகவும் காட்ட வேண்டும். உங்கள் கேஎஃப்எஸ்ஸில் அந்தப் பிரீமியம் இல்லையென்றால், உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதை வசூலிக்க முடியாது.

சிக்கல் இந்தச் சம்மதத்தில்தான். கையெழுத்துக்குத் தரும் காகிதக் கட்டுக்குள் இன்சூரன்ஸ் விண்ணப்பமோ, "தொகையைக் கடனில் சேர்க்கச் சம்மதிக்கிறேன்" என்ற தாளோ நடுவில் இருக்கலாம். அதில் போடும் கையெழுத்தே சம்மதமாகிவிடும். ஒவ்வொரு தாளின் தலைப்பையும் படித்து, அப்படிப்பட்ட தாளைத் தனியே எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றால் விலை விசாரித்து, கைக்காசில் வாங்குங்கள். 20 வருடம் அதற்கு வட்டி கட்ட வேண்டாம்.

வட்டி 9% என்பதும் இரண்டு துண்டுகள் சேர்ந்தது: அடிப்படை விகிதம், அதன்மேல் கூட்டும் அல்லது கழிக்கும் ஸ்ப்ரெட். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் பொதுவாகத் தங்கள் சொந்த விகிதத்தையே அடிப்படையாக வைப்பதால், கூட்டுத்தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த விகிதத்தின் பெயர், ஸ்ப்ரெட், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரீசெட் ஆகும் என்ற மூன்றும் கேஎஃப்எஸ்ஸில் இருக்கும். ஒப்பந்தத்திலும் அதே மூன்று இருக்க வேண்டும். "முதல் மூன்று வருடம் நிலையான வட்டி" என்று ஒரு வரி புதிதாக நுழைந்திருந்தால் அதையும் கவனியுங்கள். சொந்த வீட்டுக்காகத் தனிநபர் வாங்கும் ஃப்ளோட்டிங் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் கிடையாது. நிலையான வட்டி ஓடும் காலத்தில் அடைத்தால் கட்டணம் கேட்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வீட்டுப் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வைக்கும் எம்ஓடி பதிவுக்குச் சார்பதிவாளர் அலுவலகம் போவதற்கு முன்பே இதை முடியுங்கள். பதிவான பிறகு பின்வாங்கினால், அதை ரத்து செய்ய இன்னொரு பதிவும் செலவும் வரும். கேஎஃப்எஸ்ஸில் உங்கள் விண்ணப்பத்துக்கென்று தனி எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, "தொகை ஏன் 30,90,000? இன்சூரன்ஸ் வேண்டாம், 30,00,000-க்கு ஒப்பந்தம் தாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினால் சாட்சி இருக்காது. கேஎஃப்எஸ் கைக்கு வந்தபின், இதுபோன்ற கடனுக்குக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதன் நிபந்தனைகளுக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள். அதனால் அது வந்த தேதியும், நீங்கள் சரி என்ற தேதியும் கையில் இருக்கட்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதிதான்.

பதில் வராவிட்டால், கேஎஃப்எஸ்ஸின் இரண்டாம் பகுதியில் குறைதீர் அதிகாரியின் தொலைபேசியும் மின்னஞ்சலும் இருக்கும், அங்கே எழுதுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி மீதான புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போகும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரம்பில் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வராது, உங்கள் புகார் அங்கே போனால் நாள்தான் வீணாகும்.