கோட்டுக்கும் கலருக்கும் நடுவே வெள்ளை தெரிகிறதா? க்ரிட்டாவில் நான் ப்ரேம்களுக்குக் கலர் போடும் முறை

கேள்வி: க்ரிட்டாவில் கையால் வரைந்த அனிமேஷனை க்ளீனப் பண்ணி ஃபில் டூலில் கலர் போட்டால், கோட்டோரம் வெள்ளையாக ஒரு இழை தெரியுது, சில ப்ரேமில் கலர் முழுக்க வெளியே வழிஞ்சிடுது. ஒவ்வொரு ப்ரேமா பிரஷ்ல சரிபண்றதுக்குள்ள நாள் போயிடுது. நீங்க எப்படிப் பண்றீங்க?

முதலில் அந்த வெள்ளை இழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கோடு முழுக் கறுப்பு கிடையாது, ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் சாம்பலாக, பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி இருக்கும். ஃபில் அந்தச் சாம்பலைத் தொட்டதுமே நின்றுவிடுகிறது, அதனால் சாம்பலுக்குப் பின்னால் கலர் இல்லை, பேப்பர் தெரிகிறது. கலர் கோட்டின் ஓரத்தில் முடியக்கூடாது, கோட்டுக்கு அடியில் போய் முடிய வேண்டும். நான் செய்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

லேயர் அடுக்கு இப்படி: மேலே இங்க் கோடு மட்டும். அதற்குக் கீழே முடி, பாவாடை, தோல் என்று ஒவ்வொரு கலருக்கும் ஒரு லேயர். அதற்கும் கீழே ரஃப், 30 சதவீத அளவில் மங்கலாக. இங்க் லேயருக்கு மட்டும் சிவப்பு லேபிள் கொடுத்துவிட்டு, `Fill Tool` ஆப்ஷன்களில் `Reference` என்ற இடத்தில் `Color Labeled Layers` எடுத்து, சிவப்பை மட்டும் டிக் செய்யுங்கள். இப்போது நீங்கள் நிற்பது தோல் லேயரில், ஃபில் பார்ப்பது கோட்டை மட்டும். பலர் `All Layers` வைத்துவிடுகிறார்கள், அப்போது ரஃப் பென்சிலின் சொரசொரப்பையும் ஃபில் எல்லையாக எடுத்துக்கொண்டு கன்னத்தின் நடுவில் புள்ளி புள்ளியாக ஓட்டை விடும்.

அதன் பிறகு `Grow`. 1920 x 1080 அளவில் நான் 5 பிக்சல் தடிமனில் இங்க் போடுகிறேன், `Grow` 2. கலர் கோட்டின் நடு வரைக்கும் உள்ளே போகும், மறுபக்கம் எட்டிப் பார்க்காது. கோட்டின் தடிமனில் பாதிக்கு மேல் `Grow` கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இங்க் போடும்போதே தொடங்கிவிடுகிறது. போன மாதம் செய்த ஒரு சின்ன ஷாட்டைச் சொல்கிறேன், இரட்டை ஜடை போட்ட சிறுமி குடையோடு திரும்பிப் பார்க்கிறாள், 16 படம், விநாடிக்கு 24 ப்ரேம் கணக்கில் ஒவ்வொரு படமும் இரண்டு ப்ரேம் நிற்கும். ஜடை நுனியில் பென்னை இலேசாகத் தூக்கி, கோடு முள் மாதிரி முடியும்படி இங்க் போட்டிருந்தேன். வரைந்தபோது அழகாகத்தான் இருந்தது. கலர் போட்டதும் அந்த ஒரு பிக்சல் நுனியைத் தாண்டிக் கலர் வெளியே வந்து நின்றது, அதுவும் படத்துக்குப் படம் வேறு வேறு அளவில், அதனால் ஓட்டிப் பார்த்தபோது நுனி அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது பிரஷின் பிரஷர் வளைவில் குறைந்தபட்ச அளவை 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் வைத்துவிட்டேன். கோட்டில் உயிர் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் 16 படத்திலும் ஜடை நுனி நிலையாக நிற்கும்.

கலர் வழிவதற்குக் காரணம் சந்து. காதுக்குப் பின்னால் முடிக் கோடு கழுத்தைத் தொடாமல் விட்டிருப்பீர்கள், கை மடிப்பில் கோடு திறந்திருக்கும். அதை இங்கிலேயே இழுத்து மூடினால் ஓவியம் கம்பிக்கூடு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக ‘சந்து’ என்று ஒரு தனி லேயர் போட்டு, அதற்கும் அதே சிவப்பு லேபிள் கொடுங்கள். சந்து இருக்கிற இடத்தில் அதில் ஒரு சின்னக் கோடு. ஃபில் அதையும் சுவராக எடுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் அந்த லேயரின் கண்ணை அணைத்துவிடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், இந்தக் கோடு 2 பிக்சலுக்கு மேல் இருக்கக் கூடாது. தடிமனாகப் போட்டால் இரண்டு பக்கக் கலரும் நடுவில் சேராது, லேயரை அணைத்ததும் அங்கே ஒரு கீறல் தெரியும்.

அடுத்தது, என்னை ஒரு முழு மாலை உட்கார வைத்த விஷயம். 9-ஆம் படத்தில் பாவாடைக்கு மஞ்சள் போட்டேன், சரியாக வந்தது. ஓட்டிப் பார்த்தால் 8-ஆம் படத்திலும் 9-இன் பாவாடை தெரிகிறது, கோட்டுக்கு வெளியே மஞ்சள் துருத்திக்கொண்டு. க்ரிட்டாவில் ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி கீஃப்ரேம். இங்க் லேயரில் 9-க்குக் கீஃப்ரேம் இருந்தது, பாவாடை லேயரில் இல்லை, அதனால் அங்கே நான் தொட்டது 8-இன் படத்தைத்தான், அதுதான் நீண்டு வந்து நின்றுகொண்டிருந்தது. அன்று முதல் கலர் போடுவதற்கு முன்னாலேயே எல்லாக் கலர் லேயரிலும், சந்து லேயரிலும், இங்குக்கு எங்கெங்கே கீஃப்ரேம் இருக்கிறதோ அங்கெல்லாம் `Create Blank Frame` போட்டுவிடுகிறேன். டைம்லைனில் கட்டங்கள் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

கலர் போடும் வரிசையும் முக்கியம். ஒரு படத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். தோல் லேயரில் நின்று, தோல் கலரை எடுத்து, 1 முதல் 16 வரை தோல் மட்டும். அப்புறம் முடி, அப்புறம் பாவாடை. கலரை மாற்றுவது மொத்தமே மூன்று நான்கு தடவைதான், தப்பான கலர் விழவும் வாய்ப்பு குறைவு. தவிர, ஒரே இடத்தையே தொடர்ந்து பார்த்துக்கொண்டு போவதால் வடிவம் மாறுகிற இடம் கண்ணில் படும். இந்தச் சிறுமி குடையைப் பிடிக்கும்போது 6 முதல் 11 வரை கைக்கும் இடுப்புக்கும் நடுவே சின்ன முக்கோணமாகப் பின்னணி தெரியும், அதில் கலர் விழக் கூடாது. படம் படமாகச் செய்திருந்தால் நிச்சயம் ஒன்றிலாவது பாவாடை மஞ்சளை அதில் கொட்டியிருப்பேன்.

கலருக்கு ஒரு லேயர் என்று பிரிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, மஞ்சள் பின்னணியோடு ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் சிவப்புப் பக்கம் போகலாம் என்று தோன்றியது. பாவாடை லேயரில் ஒரு `Filter Mask` போட்டு நிறத்தை நகர்த்தியதும் 16 படமும் மாறிவிட்டன. ஓப்பன்டூன்ஸில் இது இன்னும் எளிது, அங்கே ஃபில் செய்த இடம் பேலட்டில் உள்ள கலரோடு கட்டியே இருக்கும், பேலட்டில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறும். நீளமான வேலை, கலர் அடிக்கடி மாறும் வேலை என்றால் நான் அதையே சொல்வேன். ஓரிரு நிமிடப் படத்துக்கு க்ரிட்டா தாராளம்.

கடைசியாகச் சரிபார்ப்பது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லேயரில் கண்ணைப் பறிக்கிற ராணிப்பிங்க்கை முழுசாகக் கொட்டி, ரஃபை அணைத்துவிட்டு, ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் தெரியாத ஓட்டையெல்லாம் பிங்க்காக மின்னும். எனக்கு எப்போதும் மாட்டுவது இரண்டு கோடு கூர்மையாகச் சேரும் மூலைகள்தான், முடிக்கற்றைகளின் அடியில், விரல் இடுக்கில். ஃபில் அந்த மூலை வரைக்கும் நுழையாது. அங்கே மட்டும் பிரஷை எடுத்து அந்தந்தக் கலர் லேயரில் ஒரு புள்ளி வையுங்கள். இந்த ஷாட்டில் அப்படி ஒன்பது இடம் இருந்தது, அதில் ஐந்து ஜடை ரிப்பன் முடிச்சில்.