கேஷ் நிரம்பியிருந்தும் ஒன்றுகூடக் கிடைக்காதது ஏன்?

கேள்வி: எங்கள் மளிகைக் கடையின் பில்லிங் நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். பொருளின் விலையைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் `price` என்ற செயற்கூறுக்கு, ஒருமுறை எடுத்த விலைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கேஷாக `@lru_cache(maxsize=100)` போட்டேன். பகலில் பில் போடும்போது நல்ல வேகம். ஆனால் 120 பொருள்களின் இருப்பு மதிப்பைக் கணக்கிடும் அறிக்கையைச் சோதனைக்காகத் தனியே மூன்று முறை தொடர்ந்து ஓட்டியபோது, `price.cache_info()` இப்படிக் காட்டியது:

```
CacheInfo(hits=0, misses=360, maxsize=100, currsize=100)
```

நூறு விலைகள் உள்ளே இருக்கும்போது ஒன்றுகூடவா கிடைக்காது? இது பைத்தானின் பிழையா?

பதில்: பிழை இல்லை. விதியை அப்படியே கடைப்பிடித்ததால் வந்த விளைவுதான். இடம் நிரம்பியதும், கடைசியாகத் தொட்டு அதிக நேரம் ஆன பொருளை வெளியேற்று என்பதே எல்ஆர்யூ. ஒரு பொருளைக் கேட்டு அது உள்ளே கிடைத்தால், வரிசையின் முன்னணிக்கு நகரும். கேட்கப்படாதவை பின்னுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போகும். வால் முனையில் நிற்பது அடுத்த பலி.

மூன்று இடம், நான்கு பொருள் என்று சிறிதாக்கிப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் உள்ளே வந்துவிட்டன. சர்க்கரை வரும்போது இடமில்லை. தொட்டு அதிக நேரம் ஆன அரிசி போகிறது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் முதலில் கேட்கப்படுவது எது? சற்றுமுன் துரத்திய அதே அரிசி. அதற்கு இடம் தரப் பருப்பு போகிறது. அடுத்து கேட்கப்படுவது பருப்பு. அதற்காக எண்ணெய் போகிறது. அடுத்த தேவை எண்ணெய். அடுத்து எது வேண்டுமோ அதையே ஒவ்வொரு முறையும் வெளியே அனுப்புகிறது. எத்தனை சுற்று ஓடினாலும் கிடைப்பது பூஜ்யம்தான். உங்கள் 120-க்கும் 100-க்கும் நடந்தது இதுவே.

இதில் படிப்படியான சரிவு கிடையாது என்பதைக் கவனியுங்கள். `maxsize` 119 ஆக இருந்தாலும் பூஜ்யம்தான். 120 ஆக்கினால், முதல் சுற்றுக்குப் பிறகு எல்லாமே கிடைக்கும். எதிர்காலம் தெரிந்தால் எதை வெளியேற்றுவது சிறந்தது என்பதை ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடி 1966-இல் எழுதினார்: அடுத்த தேவை மிகத் தொலைவில் இருப்பதை அனுப்ப வேண்டும். எல்ஆர்யூவுக்கு எதிர்காலம் தெரியாது. அண்மையில் தேவைப்பட்டது மீண்டும் தேவைப்படும் என்று ஊகிக்கிறது. பகலில் அதே பத்துப் பதினைந்து பொருள்கள் திரும்பத் திரும்ப விற்பதால் அந்த ஊகம் பலிக்கிறது. பட்டியலைத் தலையிலிருந்து கால்வரை ஓட்டும்போது நேர்மாறு: இப்போது தொட்டதுதான் மிகத் தாமதமாக மீண்டும் வரும்.

120 பொருள்களோடு கடை நிற்கும் என்றால் `maxsize`-ஐ 128 ஆக்குங்கள், போதும். ஆனால் எந்த மளிகைக் கடையும் 120-இல் நிற்பதில்லை. வேடிக்கையான வழி ஒன்றும் உண்டு. ஒரு சுற்றை முன்னிருந்து ஓட்டினால், அடுத்ததைப் பின்னிருந்து ஓட்டுங்கள். முதல் சுற்று முடிகையில் உள்ளே இருப்பவை 21 முதல் 120 வரை. திரும்பி வரும்போது அந்த நூறும் கிடைக்கும். கடைசி இருபதுதான் தவறும்.

நான் செய்வது வேறு. அறிக்கை ஒவ்வொரு பொருளையும் ஒரே ஒரு முறைதான் கேட்கிறது என்றால் அதற்குக் கேஷ் எதற்கு? உண்மையான சேதம் அந்த 360 தவறல்கள் அல்ல. அறிக்கை ஓடிய பிறகு உள்ளே இருப்பவை பட்டியலின் கடைசி நூறு பொருள்கள்தான். பட்டியலின் தொடக்கத்தில் உள்ள அரிசியும் பருப்பும் எவ்வளவு விற்றாலும் சரி, அவற்றின் விலை வெளியே போயிருக்கும். அதே நிரல் தொடர்ந்து ஓடினால், அடுத்த சில பில்கள் மெதுவாக நகரும். `lru_cache` மூலச் செயற்கூறை `__wrapped__` என்ற பெயரில் வைத்திருக்கிறது. அதை அழைத்தால் கேஷைத் தொடாமல் நேரே தரவுத்தளத்துக்குப் போகலாம்:

```python
for code in codes:
    total += price.__wrapped__(code) * stock[code]
```

பெரிய அமைப்புகளும் இந்தத் தொல்லையைச் சந்தித்தவைதான். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, புதிதாகப் படித்த தரவுப் பக்கத்தை வரிசையின் முன்னணியில் வைப்பதில்லை; வாலிலிருந்து ஏறத்தாழ எட்டில் மூன்று பங்கு தூரத்தில் நுழைக்கிறது. ஒரு முறை மட்டும் வருடிப்போகும் பக்கங்கள் அங்கிருந்தே வெளியேறிவிடும். அடிக்கடி வேண்டியவை முன்னால் பத்திரமாக இருக்கும்.

திருத்தியபின் சரிபார்க்க, பகல் நேரத்தில் அறிக்கைக்கு முன்னும் பின்னும் `cache_info()` பாருங்கள். அறிக்கையால் `misses` உயரக் கூடாது. இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும்: எல்ஆர்யூவுக்கு விலை மாறியது தெரியாது. அடிக்கடி விற்கும் பொருள் வெளியேறவே வெளியேறாது என்பதால், அதன் பழைய விலைதான் நெடுநேரம் பில்லில் ஏறும். விலையைத் திருத்தும் இடத்தில் `price.cache_clear()` போட்டுவிடுங்கள்.