யாரையும் தொட்டதில்லை, ஆனால் மனம் போகிறது

"எனக்கு 27 வயது. மன்னார்குடிப் பக்கம். சின்ன வயதிலிருந்தே ஆண்கள் மேல்தான் ஆசை. ஆனால் இதுவரை யாரையும் தொட்டதில்லை. அப்படியென்றால் நான் ‘கே’ இல்லைதானே? வீட்டில் பெண் பார்க்கிறார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா?"

கல்யாணத்தால் ஈர்ப்பு மாறாது. உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: மனம் யார் பக்கம் போகிறது, யாரோடு உறவு வைத்திருக்கிறோம், நம்மை என்னவென்று சொல்லிக்கொள்கிறோம். பாலியல் ஆய்வுகள் இவற்றைத் தனித்தனியாகவே கேட்கின்றன. 1994-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றிலும், தன் பாலினத்தார்மேல் ஈர்ப்பு உண்டு என்றவர்களைவிட, தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொண்டவர்கள் குறைவு.

இந்த வேறுபாடு ஏன் வருகிறது? உறவுக்குத் தனிமை வேண்டும், துணிவு வேண்டும், விரும்பும் இன்னொருவரும் வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்தால் அப்பா பெயரைச் சொல்லி விசாரிக்கிற ஊரில் இதெல்லாம் எளிதில் அமையாது. அதனால் உங்களுக்கு அனுபவம் இல்லாதது உங்கள் ஈர்ப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இதே மாவட்டத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய், அறைத் தோழனோடு உறவு வைத்திருந்து, பிறகு ஊர் திரும்பி மனைவியோடு மனம் ஒத்து வாழும் ஒருவர் இருக்கலாம். அவர் தனக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ள மாட்டார். ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசகருக்கும் அந்தப் பெயர் தேவையில்லை. பாதுகாப்பில்லாத உறவு இருந்ததா என்பதுதான் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு முக்கியம்.

ஆனால் கல்யாணத்துக்கு முக்கியமானது ஈர்ப்பு. தனியாக இருக்கும்போது மனம் யாரைக் கற்பனை செய்கிறது? யார் பேசாமல் போனால் தூக்கம் கெடுகிறது? இதில் பெண்கள் எப்போதாவது வந்ததுண்டா? வந்திருந்தால் நீங்கள் இருபாலீர்ப்பாளராக இருக்கலாம். ஒருமுறைகூட வராதிருந்தால், வரப்போகும் பெண்ணுக்கு அது தெரியாமல் தாலி கட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். சிலருக்கு ஈர்ப்பு காலப்போக்கில் தானாகச் சற்று நகர்வதுண்டு. வற்புறுத்தி யாரும் நகர்த்த முடியாது.

‘கே’ என்ற பெயரை இன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது உங்களுக்கு உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பெண் பார்ப்பதை நிறுத்தினால் போதும். "கொஞ்ச நாள் போகட்டும்மா, எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லலாம். காரணத்தை உடனே சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். "இதை மாற்றிவிடுகிறேன்" என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அத்தகைய சிகிச்சைக்கு எதிராக உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.