ஆடியில் கிளம்பி மார்கழியில் திரும்பிய கலங்கள்

கேள்வி: பருவக்காற்றை வைத்தே அந்தக் காலத்தில் அரபிக்கடலைத் தாண்டினார்கள் என்கிறார்கள். கொண்டுவந்து சேர்த்த காற்று, திரும்பும்போது எதிர்த்து அடிக்காதா?

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த எனக்கு இந்தக் கேள்வி பழைய மனத்தாங்கல் ஒன்றைக் கிளறிவிட்டது. ஒரு ஜூலை மாதம் கொச்சியிலிருந்து ஏடனுக்குப் போனோம். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பல், எதிர்த்து வந்த தென்மேற்குக் காற்றிலும் அலையிலும் 5 கடல் மைல்கூட ஓடவில்லை. சமையலறையில் பானைகளைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தும் நான்கு நாள்கள் சோறு வடிக்க முடியவில்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்டுக் கரையிலிருந்த அலுவலகம் எங்கள் கேப்டனுக்கு எழுதிய கடிதம் இன்றும் என் மனத்தில் உறுத்துகிறது. அதே வழியில் ஜனவரியில் போனபோது முதுகுப்பக்கம் இதமான காற்று, தெளிந்த வானம். தளத்தில் பறக்கும் மீன்கள் வந்து விழுந்து கிடந்தன. எஞ்சின் கப்பலில் போனவனுக்குப் பாய்க்கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். ஆனால், எஞ்சினையே மண்டியிட வைக்கும் காற்றை எதிர்த்துப் பாய்க்கப்பலில் யாரும் புறப்பட மாட்டார்கள் என்பது அங்கே நின்றவனுக்குத் தெரியும்.

கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட அதிகமாகச் சூடேறுகிறது. அங்கே காற்று மேலெழும்ப, தென் இந்தியப் பெருங்கடலின் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி அந்த இடத்தை நோக்கி விரைகிறது. பூமி சுழல்வதால் வட பாதியில் அது வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்து காற்று கடலை நோக்கி வழிகிறது. அதுவும் வலப்பக்கம் திரும்புவதால் வடகிழக்குக் காற்றாகிறது. ஆகவே உங்கள் ஐயத்துக்கு விடை, காற்றே திசை மாறும் வரை அவர்கள் காத்திருந்தார்கள் என்பதுதான். ஆனால் எப்போது கிளம்புவது என்ற கணக்கில்தான் அவர்களுடைய திறமை முழுவதும் இருந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைச் சேர்ந்த பிளினி எழுதிவைத்த கணக்கைப் பாருங்கள். எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயிலிருந்து கலங்கள் ஜூலை நடுவில் கிளம்பும். அப்போது செங்கடல் முழுவதும் வடக்கிலிருந்து காற்று வீசுவதால் 30 நாள்களில் அதன் தென்வாயிலை அடையலாம். அங்கிருந்து கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைக்கு 40 நாள்கள் என்கிறார். நல்ல காற்றில் அதில் பாதியே போதும் என்று கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் முசிறியை நெருங்குவது செப்டம்பரில்தான். ஜூனிலேயே காற்று தொடங்கிவிடுகிறதே, ஏன் முன்னதாகக் கிளம்பவில்லை? ஜூன், ஜூலையில் அந்தக் காற்று கலத்தை நேராக மேற்குக் கரையில் கொண்டுபோய் மோதும். ஆற்றுமுகங்களில் அலை உடைந்து கொந்தளிக்கும். முசிறியில் கலங்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் சரக்கை ஏற்றி இறக்கின என்று பிளினியே சொல்கிறார். கடல் அடங்காமல் அந்த வேலை நடக்காது. எனவே காற்றின் வால்பகுதியில், அதன் வேகம் தணியும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

திரும்புவதற்கான காலம் இன்னும் குறுகியது. டிசம்பரில், தவறினால் ஜனவரி நடுப்பகுதிக்குள், கிளம்பிவிட வேண்டும் என்கிறார் பிளினி. நம் மாதக் கணக்கில் அது கிட்டத்தட்ட மார்கழி. இடைப்பட்ட இரண்டு மூன்று மாதங்களில் மிளகை வாங்கி ஏற்றினார்கள். யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, பெயர்வதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுகிறது. அந்தப் பெயர்ச்சி வடகிழக்கு வாடைக்காற்றின் துணையில் நடந்தது. பங்குனிக்குள் காற்று தளர்ந்துவிடும் என்பதால், தவறவிட்டவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

ஹிப்பாலஸ் என்ற கிரேக்க மாலுமிதான் இதைக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நடுக்கடலைக் குறுக்கே கடக்கும் வழியைக் கிரேக்கர்கள் அவர் பெயரில் சொன்னது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரபு, இந்தியக் கரைகளின் மாலுமிகள் அந்தக் காற்றை அதற்கு முன்பே அறிந்து பயன்படுத்தி வந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் காற்று கைவிட்டுவிடும். குளிர்காலத்தில் செங்கடலுக்குள் தெற்கிலிருந்து வீசும் காற்று அதன் தென்பாதி வரைக்குமே கலத்தைத் தள்ளும். வடபாதியில் ஆண்டு முழுவதும் வடக்குக் காற்றுதான். வடக்கே மியோஸ் ஹோர்மோஸ் என்ற துறை இருந்தும், அதற்குத் தெற்கே தள்ளிப் பாலைவனக் கரையில் பெரெனிகேயை வைத்திருந்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. எதிர்க்காற்றில் மேலும் பல நாள்கள் போராடாமல் மிளகை அங்கேயே இறக்கி, ஒட்டகங்களில் ஏற்றி, 12 நாள்கள் பாலைவனம் கடந்து நைல் நதிக்கரையிலுள்ள கோப்டோஸில் சேர்த்தார்கள்.