தேதி ஒத்துவரவில்லை, விளக்கம் தாருங்கள் என்று மெயில் வந்தால் வேலை போய்விடுமா?

"பழைய கம்பெனியில் வேலை பார்த்த தேதியும் சரிபார்ப்பில் வந்த தேதியும் ஒத்துவரவில்லையாம். விளக்கம் கேட்டு எச்.ஆர். மெயில் அனுப்பியிருக்கிறார்கள். ஆஃபரை நிறுத்திவிடுவார்களா? என்ன எழுதுவது?"

இந்த மாதிரி மெயிலை அனுப்புகிற ஆள் நான். சேதராப்பட்டில் ஒரு சின்ன தொழிற்சாலையில் எச்.ஆர். உடனே "நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டார்" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். இருக்கட்டும். எல்லா கம்பெனிக்கும் நான் பேச முடியாது, எங்கள் ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்களும் ரெஸ்யூமேயில் மாதத்தைக் கொஞ்சம் நீட்டியிருப்பீர்கள், அல்லது கான்ட்ராக்டில் இருந்து கம்பெனி ரோலுக்குப் போனவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்களிடம் லேப் வேலைக்கு வந்த நெல்லிக்குப்பம் தம்பி ஒருவரிடம் இரண்டுமே இருந்தன. அவருக்கு நான் எழுதியது இதுதான்:

"விண்ணப்பத்தில் உங்கள் பணிக்காலம் ஜூன் 2019 முதல் மார்ச் 2023 வரை என்று உள்ளது. முந்தைய நிறுவனம் சொன்ன தேதி 3-2-2020 முதல் 31-1-2023 வரை. இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதி, இருக்கிற ஆவணங்களுடன் ஐந்து வேலை நாளில் அனுப்புங்கள்."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சாரி சார், டைப்பிங் மிஸ்டேக்." ஒரு தேதி என்றால் நம்பலாம். முன்னால் எட்டு மாதம், பின்னால் இரண்டு மாதம், இரண்டும் அவருக்குச் சாதகமாகவே டைப் ஆகுமா? அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. போன் போட்டேன்.

அந்த எட்டு மாதத்தில் தப்பே இல்லை. அதே கேட், அதே லேப், அதே ஷிப்ட்தான், ஆனால் சம்பளம் போட்டது ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். 2020 பிப்ரவரியில்தான் கம்பெனி ரோலுக்கு எடுத்திருக்கிறார்கள். பழைய கம்பெனியில் கேட்டால் ரோலுக்கு வந்த தேதியைத்தானே சொல்வார்கள்! பி.எஃப். தளத்தில் View → Service History பக்கத்தைத் திறந்து படம் அனுப்பச் சொன்னேன். ஒரே யு.ஏ.என்.-னுக்குக் கீழே இரண்டு வரி. கான்ட்ராக்டர் பெயரில் 2019 ஜூன் முதல் 2020 ஜனவரி வரை, அதற்கப்புறம் கம்பெனி. அத்துடன் அந்த எட்டு மாதச் சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்டும் வந்தது. அந்த எட்டு மாத விஷயம் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பக்கத்தில் DOJ EPF என்று இருப்பது பி.எஃப்.-பில் சேர்ந்த தேதி. வேலையில் சேர்ந்த தேதியும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. தாமதமாக பி.எஃப். பிடிக்க ஆரம்பித்த இடம் என்றால் வங்கி ஸ்டேட்மென்டும் சம்பளச் சீட்டும்தான் பேசும்.

கடைசி இரண்டு மாதம் வேறு கதை. "அது ஏன்?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஜனவரியோட நின்னுட்டேன் சார். அப்பாவுக்கு ஜிப்மர்ல ஆபரேஷன். கேப் தெரிஞ்சா கூப்பிட மாட்டாங்கன்னு நீட்டிட்டேன்." அதையே எழுதி அனுப்புங்கள் என்றேன். நான்கு வரிதான் அனுப்பினார். கான்ட்ராக்டர் விஷயம் தனியாக, இந்த இரண்டு மாதம் தனியாக, "இது நானே மாற்றிப் போட்டது" என்று நேராக.

எம்.டி. முதலில் முகம் சுளித்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ரெஸ்யூமேயில் மூன்று வருடம் பத்து மாதம், நிஜத்தில் மூன்று வருடம் எட்டு மாதம். நாங்கள் கேட்டதே மூன்று வருடம்தான். நீட்டியே இருக்க வேண்டாம்! விண்ணப்பப் படிவத்தைச் சரியான தேதிகளுடன் மறுபடி எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தோம். அந்த இரண்டு மாதத்தை மறைக்க போலி ரிலீவிங் லெட்டர் தயாரித்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். இப்படிச் செய்யும் ஆட்களும் உண்டு.

தேதியாவது பரவாயில்லை, பெயர்தான் என் உயிரை எடுக்கிறது. நமக்கு இனிஷியல்தான், ஆனால் ஆன்லைன் படிவம் எல்லாம் "கடைசிப் பெயர்" கேட்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து, பி.எஃப்.-பில் இன்னொன்று. என்னுடைய பழைய பி.எஃப். கணக்கையே மாற்ற முடியாமல், முந்தைய முதலாளி கையெழுத்துடன் கூட்டு உறுதிமொழி கொடுக்க எத்தனை நடை நடந்தேன் தெரியுமா? கடலூர் பஸ்ஸில் போன காசைச் சேர்த்திருந்தால்... சரி, விடுங்கள்.

உங்கள் மெயிலுக்கு வருகிறேன். எந்தத் தேதி எந்த ஆவணத்துடன் மோதுகிறது என்று அதில் இல்லாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அப்புறம் Service History-யைத் திறந்து நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.