ரொக்க ஏட்டின் முடிவு இருப்பு கையிருப்புடன் ஒத்துவராதபோது

கேள்வி: ரொக்க ஏட்டில் வரவையும் செலவையும் கூட்டி முடிவு இருப்பு எடுத்தால், பெட்டியில் இருக்கும் பணத்தோடு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பதிவாகச் சரிபார்க்காமல் தவறைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

வழி உண்டு. ஏட்டின் முதல் வரியிலிருந்து தேடத் தொடங்குவதற்கு முன், வித்தியாசம் எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் தவறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அந்தத் தொகையே காட்டிவிடும்.

அதற்கு முன் பணத்தை எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஏட்டின் இருப்பைப் பார்க்காமலே, நோட்டுகளையும் நாணயங்களையும் மதிப்பு வாரியாகப் பிரித்து எண்ணி, தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு எண்ணுபவர், அந்தத் தொகை வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுவார். பெட்டிக்குள் கைமாற்றாகக் கொடுத்ததற்கான துண்டுச் சீட்டு கிடந்தால் அது பணம் ஆகாது. அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் உதாரணம். தொடக்க இருப்பு 12,480. வரவுகள் 8,600, 3,275, 5,420, 1,950 ஆக மொத்தம் 19,245. செலவுகள் 4,720, 6,300, 2,185, 960 ஆக மொத்தம் 14,165. தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டினால் 31,725; அதில் செலவைக் கழித்தால் முடிவு இருப்பு 17,560. எண்ணிப் பார்த்த பணமோ 17,380 மட்டுமே. 180 குறைகிறது.

கூட்டலை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் மறுமுறை கீழிருந்து மேலாகவும் போட்டுப் பார்த்து, தொடக்க இருப்பு முந்தைய நாளின் முடிவு இருப்பேதானா என்பதையும் உறுதி செய்துகொண்டால், பதிவுகளைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். ஏட்டைவிடப் பணம் குறைவாக இருப்பதால், ஒரு செலவு விடுபட்டிருக்க வேண்டும் அல்லது குறைத்து எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் ஒரு வரவு கூட்டி எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் அதிகமாக இருந்தால் இதையே தலைகீழாக வைத்துத் தேட வேண்டும்.

அடுத்து, 180 என்ற தொகையை எடுத்துக்கொள்வோம். அதே தொகைக்கு ஏட்டில் ஏறாத செலவுச் சீட்டு ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதில் பாதியான 90-ஐத் தேட வேண்டும். 90 செலவு தவறுதலாக வரவுப் பக்கம் ஏறியிருந்தால், கழிய வேண்டிய தொகை கழியாததோடு கூடவும் செய்திருக்கும் என்பதால் வித்தியாசம் இரட்டிப்பாகி 180 ஆகும். நம் ஏட்டில் 90 என்ற பதிவே இல்லை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், ஒரு எண்ணின் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் அல்லது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறினால், அந்த இரு இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல் 90 மடங்கு பிழை உண்டாகும். 180 என்பது 90-இன் இரு மடங்கு. ஆகவே நூறாம் இடத்து இலக்கம் பத்தாம் இடத்தைவிட 2 அதிகமாக உள்ள வரவைத் தேட வேண்டும். செலவாக இருந்தால் பத்தாம் இடம் 2 அதிகமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு செலவும் இங்கே இல்லை. வரவுகளில் பொருந்துவது 5,420 மட்டுமே. ரசீதின் அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் 5,240 என்று இருக்கிறது. வரவு மொத்தம் 19,065 ஆகத் திருந்த, முடிவு இருப்பு 17,380 ஆகி, எண்ணிய பணத்துடன் ஒத்துவந்துவிடுகிறது.

9 ஆல் வகுபடுவது ஒரு தடயமே தவிர சாட்சி அல்ல. வேறு காரணத்தால் வந்த வித்தியாசமும் தற்செயலாக வகுபடலாம் என்பதால், ரசீதையோ செலவுச் சீட்டையோ கண்ணால் பார்க்காமல் எந்த எண்ணையும் திருத்தக் கூடாது. திருத்தும்போதும் பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, சரியான எண்ணை மேலே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இருப்பு ஒத்துவந்துவிட்டாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 500 வரவு ஒன்றும் 500 செலவு ஒன்றும் ஒரே நாளில் விடுபட்டிருந்தால், இருப்பு மிகச் சரியாகவே வரும். எந்தக் கூட்டலும் அதைக் காட்டிக்கொடுக்காது. ரசீதுகளின் வரிசை எண்களில் இடைவெளி இருக்கிறதா, ஒவ்வொரு செலவுச் சீட்டிலும் ஏட்டின் பக்க எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால்தான் அது பிடிபடும்.

எவ்வளவு தேடியும் கிடைக்காத வித்தியாசத்தை மறைக்க ஒரு பொய்ச் செலவை எழுதிச் சமன் செய்ய வேண்டாம். ரொக்கக் குறைவு என்ற பெயரிலேயே தேதியோடு பதிவு செய்து, பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெற்று வையுங்கள். காரணம் பின்னால் தெரியவரும்போது அந்த ஒரு பதிவை மட்டும் நேர் செய்தால் போதும்.